மெயின்டனன்ஸ் காசை நிறுத்தினால் நிற்பது உங்கள் வாக்குத்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆனால் வரும் கூட்டத்துக்கு முன்னர் படித்துவிடுங்கள்.

"கமிட்டி வேலை செய்யும் வரைக்கும் ஒருத்தரும் மெயின்டனன்ஸ் கட்ட வேண்டாம்." ஐந்து மாதமாக வட்ஸ்அப்பிலும் படிக்கட்டிலும் ஜும்ஆ முடிந்து வரும் வழியிலும் இதைத்தான் கேட்கிறேன். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. நாலாம் மாடியில் ஒரு சுவர் உடைக்கப்பட்டது, கீழ்வீட்டு சிலாப்பில் வெடிப்பு வந்தது, குளியலறைக் கூரையால் தண்ணீர் ஒழுகியது, கமிட்டி கண்ணை மூடிக்கொண்டது. கோபம் நியாயமான கோபம். ஆனால் அந்தக் கோபத்துக்கு இவர்கள் கண்டுபிடித்த ஆயுதம் யாருடைய கழுத்தை அறுத்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். கணக்கோடு எழுதுகிறேன், உணர்ச்சிவசப்பட்டு இல்லை.

முதலில் ஒரு விஷயம். "கமிட்டிக்குக் காசு கொடுக்க மாட்டோம்" என்று சொல்கிறோம். காசு போவது கமிட்டிக்கு இல்லை. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க, தொடர்மாடி வீட்டு உரிமை பற்றிய சட்டப்படி முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் என்பது வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான். எங்கள் கட்டடத்தில் 40 வீடு என்றால் அந்த 40 வீட்டுக்காரரும்தான் கூட்டுத்தாபனம். கமிட்டி நாங்கள் தெரிவு செய்து உட்கார வைத்த சில பேர். வோட்டர் பம்ப், லிஃப்ட், படிக்கட்டு வெளிச்சம், துப்புரவு செய்பவரின் சம்பளம் எல்லாம் அந்தக் காசில்தான் ஓடுகிறது. எனவே கட்டாமல் விட்டவர் தன்னுடைய 39 அயலவருக்குத்தான் கடன் வைத்திருக்கிறார்.

சரி, அதை விடுங்கள். துணைவிதிக்கு வருவோம்.

எங்கள் துணைவிதியின் பிரதி செயலாளரிடம் இருக்கிறது, எந்த உரிமையாளரும் கேட்டுப் பார்க்கலாம். நான் வாங்கிப் படித்தபோது இந்த வருடம் அதைக் கேட்ட முதல் ஆள் நான்தான் என்று சொன்னார். அதில் வாக்கு பற்றிய பகுதி ஒன்றரைப் பக்கம். அதில் இரண்டு வாசகம் ஒன்றின் பின் ஒன்றாக வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் போன கூட்டத்தில் என்ன நடந்தது என்று விளங்கும்.

ஒன்று, கையுயர்த்தி வாக்களித்தால் ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு. ஆனால் கூட்டத்தில் இருக்கும் உரிமையாளர் ஒருவர், ஒரே ஒருவர், "பங்குப் பெறுமதிப்படி எண்ணுங்கள்" என்று கேட்டால் அப்படியே எண்ண வேண்டும். பங்குப் பெறுமதி என்பது எங்கள் கட்டடத்தின் பதிவு செய்யப்பட்ட வரைபடத்தோடு இருக்கும் அட்டவணையில் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே போட்டிருக்கும் எண். சின்ன வீட்டுக்கு 20, பெரிய வீட்டுக்கு 40. சின்ன வீடு 30, பெரிய வீடு 10. மொத்தம் 1000. மாதக் கட்டணமும் இதே எண்ணை வைத்துத்தான் போடப்படுகிறது. பங்கு ஒன்றுக்கு 300 ரூபா. சின்ன வீடு 6,000, பெரிய வீடு 12,000. கூடக் கட்டுபவருக்குக் கூட வாக்கு. இதில் எனக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை.

இரண்டாவது வாசகம்: ஏகமனதாக நிறைவேற்ற வேண்டிய தீர்மானங்களைத் தவிர வேறு எதிலும், கட்டணம் முழுதாகச் செலுத்தப்படாத வீட்டின் உரிமையாளர் வாக்களிக்க முடியாது.

"ஏன் கட்டவில்லை" என்று அந்த வாசகம் கேட்கவில்லை. மறந்து போய்க் கட்டாதவர், வசதியில்லாமல் கட்டாதவர், கொள்கைக்காகக் கட்டாதவர் எல்லோரும் அதற்கு ஒன்றுதான். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. எத்தனையோ ஊரில் பள்ளிவாசல் சந்தா கட்டாதவருக்கு ஜமாஅத் கூட்டத்தில் வாக்கில்லை. அதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. இங்கே மட்டும் "நான் எதிர்ப்புக்காகக் கட்டவில்லை, அதனால் என் வாக்கு இருக்கிறது" என்று எப்படி நினைத்தோம்?

இனி கூட்டம். கமிட்டி கொண்டுவந்த தீர்மானம் இதுதான்: ஏற்கெனவே முடிந்த உள்வேலைகளைப் பழைய நிலைக்குத் திருப்பும்படி யாரையும் கேட்பதில்லை, இனிமேல் வீட்டுக்குள் செய்யும் திருத்த வேலைகளுக்குக் கமிட்டிக்கு அறிவித்தால் போதும், அனுமதி தேவையில்லை. நாலாம் மாடிச் சுவருக்காகவே தைத்த சட்டை.

எதிர்ப்புக்காகக் கட்டணத்தை நிறுத்தியவர்கள் 14 வீடு. எல்லாம் சின்ன வீடு. கூட்டத்துக்கு வந்தார்கள், சத்தம் போட்டார்கள், ஒருவருக்கும் வாக்கில்லை. மீதம் வாக்குரிமை உள்ள சின்ன வீடு 16. அதில் வந்தது 13. வராத மூன்றில் இரண்டின் உரிமையாளர்கள் வெளிநாட்டில், பதிலாளரை நியமித்து ஒரு கடிதம் கூட அனுப்பவில்லை. மூன்றாவது வீட்டில் வாப்பா மௌத்தாகி மூன்று வருடம், உறுதி இன்னும் அவர் பெயரில். கட்டணத்தைப் பிள்ளைகள் ஒழுங்காகக் கட்டுகிறார்கள், ஆனால் யார் வந்து கை உயர்த்துவது என்று சகோதரர்களுக்குள் முடிவில்லை. (வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டு ஒருவரை நியமித்தால் போதும் என்று துணைவிதியில் இருக்கிறது. இப்படியான வீடு எங்களிடம் இன்னும் உண்டு, தெரிந்து கொள்ளுங்கள்.)

பெரிய வீடு 10இல் வந்தது 9. எட்டுப் பேர் தீர்மானத்துக்கு ஆதரவு. ஒருவர் மட்டும் எதிர்ப்பு. அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். சுவர் உடைத்த வீட்டுக்கு நேர் கீழே இருக்கிற உம்மா.

கையுயர்த்தியபோது எதிர்ப்பு 14, ஆதரவு 8. நாங்கள் வென்றுவிட்டோம் என்று கை தட்டினோம். கை தட்டி முடிவதற்குள் ஒருவர் எழுந்து பங்குப் பெறுமதிப்படி எண்ணச் சொன்னார். 13 சின்ன வீட்டுக்கு 260, உம்மாவின் 40, மொத்தம் 300. எட்டுப் பெரிய வீட்டுக்கு 320. தீர்மானம் நிறைவேறியது.

வித்தியாசம் 20. ஒரே ஒரு சின்ன வீட்டின் எண். கட்டாத 14 பேரில் ஒருவர் கட்டியிருந்தால் சமன். இருவர் கட்டியிருந்தால் 340க்கு 320, தீர்மானம் தோற்றிருக்கும். ஒரு வீட்டின் நிலுவை ஐந்து மாதத்துக்கு 30,000 ரூபா. பதினாலு பேரும் கட்டியிருந்தால் எதிர்ப்பு 580.

உம்மாவுக்காகத்தான் கட்டவில்லை என்று சொன்னார்கள். அந்த உம்மா ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டு மாதம் 12,000 ரூபாவைத் தவறாமல் கட்டினார், கூட்டத்துக்கு வந்தார், தன் 40ஐப் போட்டார். அவருக்காகப் போராடியவர்கள்தான் அவர் பக்கத்திலிருந்து 280ஐ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இதற்குப் போராட்டம் என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

கமிட்டிக்கு நாங்கள் கொடுத்த இன்னொரு பரிசும் உண்டு. பொறியியலாளரை அழைத்துச் சுவரைப் பரிசோதிக்கச் சொல்லி இரண்டு கடிதம் போனது. பதில் என்ன? "நிதியில்லை. 14 வீடு நிலுவை, 420,000 ரூபா வரவில்லை." சாக்குத்தான், எனக்குத் தெரியும். மனமிருந்தால் இருக்கும் காசில் செய்திருக்கலாம். ஆனால் அந்தச் சாக்கைத் தட்டில் வைத்துக் கொடுத்தது நாங்கள்.

"எனக்கு நட்டம் வந்திருக்கிறது, அதைக் கழித்துக்கொண்டுதான் கட்டுவேன்" என்று சிலர் சொல்கிறார்கள். இது கேட்க நியாயம் போல இருக்கும். துணைவிதியில் கட்டணத்துக்கு எதிராக எதையும் கழிக்க இடமில்லை. கட்டணம் ஒரு கணக்கு, உங்கள் நட்டம் வேறொரு கணக்கு. நட்டத்தைத் தனியாகக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், மேல்வீட்டுக்காரரிடமும் கூட்டுத்தாபனத்திடமும் கேளுங்கள். கட்டணத்தைக் கட்டும்போது "ஆட்சேபனையுடன் செலுத்துகிறேன், என் முறைப்பாடு இது" என்று ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எதிர்ப்பும் பதிவாகும், வாக்கும் இருக்கும். மௌனமாகக் கட்டாமல் விட்டால் காசாளரின் பட்டியலில் நீங்கள் வெறும் நிலுவைக்காரர். அந்தப் பட்டியலில் "கொள்கைக்காக" என்று எழுத ஒரு நிரல் இல்லை.

இதைச் சொன்னதால் நான் கமிட்டிப் பக்கம் என்று நினைக்க வேண்டாம். நிலுவைக்காரரின் தண்ணீரை வெட்டப் போவதாகச் சிலர் பேசுகிறார்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். அதே துணைவிதியை நான் இரண்டு முறை படித்தேன். நிலுவைக்கு அது சொல்வது வட்டி, வாக்கிழப்பு, நீதிமன்றத்தில் கடனாக அறவிடுதல். தண்ணீர் என்ற சொல்லே அந்தப் பகுதியில் இல்லை. சின்னப் பிள்ளைகளும் வயதான உம்மா வாப்பாவும் இருக்கும் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்துவேன் என்று வருபவரிடம் எந்த வாசகத்தின் கீழ் என்று கேளுங்கள். காட்டட்டும்.

இனி அந்தச் சுவருக்கு வருவோம். ஏனென்றால் "இனி ஒன்றும் செய்ய ஏலாது, தீர்மானம் பாஸ்" என்று பலர் சோர்ந்துவிட்டார்கள்.

பொதுக்கூட்டம் எதைத் தீர்மானிக்கலாம்? எத்தனை மணிக்கு ட்ரில் போடலாம், உடைத்த கல்லை எந்த லிஃப்டில் இறக்கலாம், எவ்வளவு வைப்புப் பணம் கட்ட வேண்டும், இதையெல்லாம் தீர்மானிக்கலாம். ஆனால் ஒரு சுவர் பாரம் தாங்குகிறதா இல்லையா என்பதைக் கை உயர்த்தித் தீர்மானிக்க முடியாது. எங்கள் வரைபடத்தின்படி ஒவ்வொரு வீட்டின் எல்லையும் சுவர், தரை, கூரை ஆகியவற்றின் நடுவோடு முடிகிறது. தூண், வளை, சிலாப், தண்ணீர்க் குழாய் போகும் குழல் எல்லாம் பொதுவானவை. நாலாம் மாடிக்காரருக்குத் தன் வீட்டுக்குள் நிறம் மாற்ற உரிமை இருக்கிறது. மூன்றாம் மாடியின் கூரையைத் தாங்கும் கட்டமைப்பில் கை வைக்க அவருக்குத் தனியாக உரிமை இல்லை. அதைக் கமிட்டி மன்னிக்கவும் முடியாது, ஏனென்றால் அது கமிட்டியின் சொத்து இல்லை.

உடைத்தது எந்தச் சுவர்? பழைய கட்டடங்களில் ஒன்பது இஞ்சிச் சுவர் பெரும்பாலும் பாரம் தாங்கும், நாலரை இஞ்சிச் சுவர் பெரும்பாலும் பிரிப்புச் சுவர். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். தடிப்பை மட்டும் வைத்து மேசன் பாஸ் சொல்வதை நம்பி யாரும் உடைக்கவும் கூடாது, நாங்கள் பயந்து கத்தவும் கூடாது. கட்டமைப்பு வரைபடத்தை வைத்துப் பட்டயப் பொறியியலாளர் ஒருவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் சில அடையாளத்தை நாங்களே பார்க்கலாம். வாசல் அல்லது ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, முன்னர் சரியாக மூடிய கதவு இப்போது இறுகுவது, வெடிப்பு மாதத்துக்கு மாதம் நீள்வது. வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். மூன்று வாரம் கழித்துப் பாருங்கள், கோட்டைத் தாண்டினால் படம் எடுத்து வையுங்கள். உம்மாவின் வீட்டில் என் மாணவன் ஒருவன் போட்டுக் கொடுத்த கோட்டை வெடிப்பு தாண்டிவிட்டது. இதற்கு மேல் எனக்கு ஊகம் வேண்டாம், பொறியியலாளர் வேண்டும்.

குளியலறை ஒழுக்கு வேறு கதை. அதற்குச் சுவர் காரணம் இல்லை. பழைய டைல்ஸைக் கொத்தி எடுக்கும்போது அதன் கீழே இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சும் கிழிந்துவிடும். அதைத் திரும்பப் பூசாமல் புது டைல்ஸை ஒட்டினால் மேலே அழகு, கீழே ஒழுக்கு. புதுப் பூச்சுப் போட்ட பிறகு, டைல்ஸ் ஒட்ட முதல், வடிகாலை அடைத்து ஒரு இரண்டு இஞ்சிக்குத் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டு, கீழ்வீட்டுக் கூரையைப் பார்க்க வேண்டும். செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. எங்கள் பழைய துணைவிதியில் ஈரமான அறை வேலைக்குக் கமிட்டி அனுமதி வேண்டும் என்று இருந்ததே இந்தப் பரிசோதனையைக் கேட்பதற்காகத்தான். புதிய தீர்மானம் அதைத்தான் தூக்கி எறிந்திருக்கிறது. "அறிவித்தால் போதும்" என்றால், அறிவித்துவிட்டு உங்கள் தலைக்கு மேலே எதையும் செய்யலாம் என்று அர்த்தம். ஆதரவாக வாக்களித்த எட்டுப் பேருக்கும் மேலேயும் வீடு இருக்கிறது, மொட்டைமாடிக்குக் கீழே இருப்பவர்களைத் தவிர. அவர்கள் இதை யோசித்தார்களா தெரியாது.

ஆகவே செய்ய இருப்பது இரண்டு.

ஒன்று, உம்மாவின் முறைப்பாடு. கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபைக்கும் மாநகரசபைக்கும் படங்களோடும் திகதிகளோடும் எழுத வேண்டும். இதற்குப் பொதுக்கூட்டத் தீர்மானம் தடையில்லை. வரைவு தயார். அயலவர்களாக நாங்களும் கையெழுத்திடலாம்.

மற்றது, விசேட கூட்டம். மொத்தப் பங்குப் பெறுமதியில் கால்வாசி உள்ள உரிமையாளர்கள் எழுத்தில் கேட்டால் கமிட்டி கூட்டத்தைக் கூட்டியே ஆக வேண்டும், 14 நாள் அறிவித்தலோடு. கால்வாசி என்றால் 250. சின்ன வீடு 13 சேர்ந்தால் 260. இங்கே துணைவிதியின் சொல்லைக் கவனியுங்கள். கூட்டத்தைக் கேட்பதற்கு அது "உரிமையாளர்கள்" என்று மட்டும்தான் சொல்கிறது, "வாக்குரிமையுள்ள உரிமையாளர்கள்" என்று சொல்லவில்லை. எனவே நிலுவையில் இருக்கும் 14 பேரும் கையெழுத்திடலாம் என்பது என் வாசிப்பு. கமிட்டி மறுத்துப் பேசலாம் என்பதால் கட்டியவர்களின் கையெழுத்து மட்டுமே 250ஐத் தாண்டும்படி வைத்துக்கொள்வோம். அன்று எதிர்த்து வாக்களித்த நாங்கள் மட்டுமே 300 இருக்கிறோம்.

ஆனால் கூட்டத்தில் வாக்கு போட வேண்டும் என்றால் நிலுவை முழுதாகத் தீர்ந்திருக்க வேண்டும். பாதி கட்டினால் பாதி வாக்கு என்று ஒன்று இல்லை. கூட்டத்துக்கு முந்திய இரவு ஒன்லைனில் போட்டுவிட்டு வாசலில் காசாளரோடு சண்டை பிடிக்காதீர்கள். நாலைந்து நாள் முன்னரே கட்டி, வட்டியோடு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு, ரசீதை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே கஷ்டத்தில் இருக்கும் இரண்டு குடும்பம் இருப்பது எனக்குத் தெரியும். அவர்கள் வெட்கப்படாமல் எனக்குத் தனியாகச் சொல்லட்டும், அயலவர்கள் சேர்ந்து கைமாற்றுக்கு வழி பார்க்கலாம், பெயர் வெளியே வராது. கட்டாருக்கும் சவூதிக்கும் போயிருப்பவர்களின் வீட்டார், பதிலாளர் கடிதம் கூட்டத்துக்கு 48 மணித்தியாலம் முன்னர் செயலாளர் கையில் இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள், நீங்கள் வீட்டுக்காரரிடம் மெயின்டனன்ஸைக் கொடுத்திருந்தாலும் அவர் இங்கே கட்டினாரா என்று ஒரு தரம் கேளுங்கள். 14இல் ஒரு வீட்டில் குடியிருப்பவர் மாதாமாதம் கொடுத்திருக்கிறார், உரிமையாளர் "போராட்டம்" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

கூட்டத்தைக் கேட்கும் படிவம் என் வீட்டில் இருக்கிறது. இஷாவுக்குப் பிறகு எந்த நாளும் வரலாம். வரும்போது வரைபட அட்டவணையில் உங்கள் வீட்டு இலக்கத்துக்கு எதிரே இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு வாருங்கள், அதைக் கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுத வேண்டும்.